மஞ்சளான சுவிட்ச் பிளேட், பழைய ஃபிரிட்ஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளையாக வாங்கியது மஞ்சளாகிவிட்டால் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். மற்ற பதில்கள் எல்லாம் அதில் சொல்லும் சோதனையை நம்பித்தான் இருக்கின்றன.

1. இது வெறும் அழுக்கா, இல்ல பிளாஸ்டிக்கே மஞ்சளாயிடுச்சா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் துணியை வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழியுங்கள். அதில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, பிளேட்டின் ஒரு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு அரை நிமிடம் தேயுங்கள். துணி பழுப்பாகி அந்த இடம் மட்டும் வெளுத்தால், அது தாளிப்பு எண்ணெய், ஊதுபத்திப் புகை, கொசுவத்திப் புகை எல்லாம் சேர்ந்து படிந்த பிசுக்கு. சோப்பே போதும். துணி சுத்தமாகவே இருந்து நிறமும் மாறவில்லை என்றால் பிளாஸ்டிக்கே மாறியிருக்கிறது. சமையலறையில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். முதலில் பிசுக்கை எடுத்தால்தான் அடியில் எவ்வளவு மஞ்சள் என்று தெரியும்.

ஃபிரிட்ஜுக்கு இன்னொரு சோதனை உண்டு. ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவு, பக்கவாட்டு, மேல்மூடி, கைப்பிடி என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பாருங்கள். ஒட்டும் இடம் பெயின்ட் அடித்த இரும்புத் தகடு, ஒட்டாத இடம் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் பொதுவாகக் கதவும் பக்கங்களும் தகடாகவும், மேல்மூடியும் கைப்பிடியும் கதவின் மேல் கீழ் விளிம்புகளும் பிளாஸ்டிக்காகவும் இருக்கும். பார்வைக்கு ஒரே மஞ்சள்தான், ஆனால் தகட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வைத்தியம் வேறு வேறு.

2. எங்க வீட்டு ஹால்ல வெயிலே படாது. அங்கயும் ஏன் மஞ்சளாகுது?

ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் உடையாமல் தாங்குவதற்காக ஒருவகை ரப்பர் கலந்திருக்கும். காற்றில் உள்ள ஆக்ஸிஜன் அந்த ரப்பரோடு மெல்ல வினைபுரிவதால் மஞ்சள் நிறம் வருகிறது. வெயில் இதை வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான். வெயில் இல்லாவிட்டாலும் சூடு இருந்தால் போதும். பழைய ஃபேன் ரெகுலேட்டரைச் சுற்றியும் ஃபிரிட்ஜின் மேல்மூடியிலும் சீக்கிரம் மஞ்சளாவது இதனால்தான்.

பிளேட்டைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தால் காரணம் ஓரளவு தெரிந்துவிடும். பின்பக்கம் வெள்ளையாகவும் முன்பக்கம் மஞ்சளாகவும் இருந்தால் வெளிச்சத்தின் வேலை. மஞ்சள் மேல்தோலில்தான் இருக்கும், நன்றாக வெளுக்கும். இருபக்கமும் ஒரே மாதிரி மஞ்சளாக இருந்தால் சூடும் வயசும் காரணம். அது வெளுக்க நேரம் பிடிக்கும், முழுதாகப் போகாமலும் இருக்கலாம்.

3. பேக்கிங் சோடா, எலுமிச்சை, டூத்பேஸ்ட்... யூடியூப்ல எல்லாரும் ஒண்ணொண்ணு சொல்றாங்களே?

இவை எல்லாமே அழுக்கை எடுப்பவை. பேக்கிங் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பழைய டூத்பிரஷால் தேய்த்தால், சுவிட்ச் இடுக்கில் இறுகிப்போன பிசுக்கு நன்றாக வரும். முதல் சோதனையில் துணி பழுப்பானவர்களுக்கு அதுவே போதும். பிளாஸ்டிக்கே மாறியிருந்தால் இவற்றில் எதுவும் அதை வெளுக்காது. டூத்பேஸ்டால் அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு போய், அந்த மங்கலான இடத்தில் அழுக்கு முன்பைவிடச் சீக்கிரம் ஒட்டும். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கும் வெள்ளை ஸ்பாஞ்சும் மிக மெல்லிய உப்புத்தாள் வேலையைத்தான் செய்கிறது.

தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் மூன்றையும் பிளாஸ்டிக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மேற்பரப்பு கரைந்து பிசுபிசுத்துவிடும், பிறகு சரிசெய்யவே முடியாது.

4. துணிக்குப் போடுற ப்ளீச்சில ஊற வெச்சா வெள்ளையாகாதா?

ஆகாது. குளோரின் ப்ளீச் பருத்தித் துணியை வெளுக்கும். இந்த மஞ்சளை அது எடுப்பதில்லை, சில பிளாஸ்டிக்கை இன்னும் மஞ்சளாக்குவதும் உண்டு. ஃபிரிட்ஜில் பட்டால் பெயின்ட் பெயர்ந்த இடங்களில் துரு பிடிக்கும். கழிவறை கழுவும் ஆசிட் திரவத்தோடு அது கலந்தால் நச்சு வாயு வரும். ‘இரண்டையும் சேர்த்தால் நன்றாக வேலை செய்யும்’ என்று சொல்லும் குறிப்புகளை அப்படியே விட்டுவிடுங்கள்.

5. அப்ப எதுதான் வெளுக்கும்? எங்க கிடைக்கும்?

ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் சேர்ந்தால் வெளுக்கும். பழைய கணினிகளைச் சேகரிப்பவர்கள் 2008 வாக்கில் பரவலாக்கிய முறை இது. மருந்துக் கடைகளில் காயம் கழுவக் கொடுக்கும் ‘20 வால்யூம்’ பெராக்சைடு ஏறக்குறைய 6 சதவீதம். சுவிட்ச் பிளேட்டுக்கு அதுவே சரி. 3 சதவீதமும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. பார்லர் பொருள்கள் விற்கும் கடைகளில் முடிக்குச் சாயம் போடப் பயன்படும் ‘டெவலப்பர்’ கிரீம் கிடைக்கும். அதில் 20 வால்யூம் என்றால் 6, 40 வால்யூம் என்றால் 12 சதவீதம். ஊறவைக்க முடியாத நீளமான துண்டுகளுக்கு அது பயன்படும்.

கெமிக்கல் கடையில் 30 சதவீதமும் தருவார்கள். விலை மலிவு என்று வாங்காதீர்கள். தோலில் பட்ட இடம் வெளுத்து எரியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. 6 சதவீதத்துக்கும் ரப்பர் கையுறை போட்டே வேலை செய்யுங்கள். பெராக்சைடு காலப்போக்கில் வீரியம் இழக்கும். வீட்டில் பழைய பாட்டில் இருந்தால் வெட்டிய உருளைக்கிழங்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நன்றாக நுரைத்தால் வீரியம் இருக்கிறது, நுரையே வராவிட்டால் புதிது வாங்குங்கள்.

6. பிளேட்டை எப்படி ஊற வைக்கணும்? முதல்லேருந்து சொல்லுங்க.

எட்டு மாடுல் பிளேட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மெயினை அணையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியாக அணைக்க வேண்டும். மெயின் அணைந்ததும் இன்வெர்ட்டர் லைன் தானாக உயிர்பெறுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். மாடுலர் வகையில் வெளிப் பிளேட் தனியாகக் கழன்று வரும். விளிம்பில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை வைத்து மெல்ல நெம்பினால் போதும். உள்ளே சட்டமும் சுவிட்சுகளும் சுவரிலேயே இருக்கட்டும்.

பிளேட்டை லிக்விடும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். பிசுக்கு மிச்சம் இருக்கும் இடத்தில் பெராக்சைடு பிளாஸ்டிக்கைத் தொடாது, அங்கே மட்டும் மஞ்சள் அப்படியே நிற்கும். பிறகு பிளேட்டைவிடச் சற்றே பெரிய கண்ணாடித் தட்டிலோ தெளிவான பிளாஸ்டிக் டப்பாவிலோ முகம் மேலே பார்க்க வைத்து, ஒரு விரற்கடை மூழ்கும்வரை ஊற்றுங்கள். டப்பா சரியான அளவில் இருந்தால் அரை லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். பெரிய டப்பா எடுத்தால் செலவு இரட்டிப்பாகும். எவர்சில்வரோ இரும்போ வேண்டாம். துரு கொஞ்சம் பட்டாலும் பெராக்சைடு வீணாக நுரைத்துச் செத்துப்போகும்.

மேலே தெளிவான பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகப் போட்டு மூடி, இரண்டு மூன்று துளை இடுங்கள். ஆக்ஸிஜன் வெளிவந்துகொண்டே இருப்பதால் இறுக்கமாக மூடினால் டப்பா உப்பி வெடிக்கலாம். காலை 10 மணியிலிருந்து 3 மணி வரை மாடி வெயிலில் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை டப்பாவைத் தட்டினால் ஒட்டியிருக்கும் குமிழிகள் விலகும். மணிக்கு ஒருமுறை பிளேட்டின் திசையை மாற்றுங்கள். கையுறைக்கு மேலேயே சூடு சுடுமளவு திரவம் காய்ந்தால், சித்திரை வெயிலில் அப்படி ஆகும், கொஞ்ச நேரம் நிழலுக்கு மாற்றுங்கள். மெல்லிய பிளேட் வளைந்துவிட்டால் சுவரில் பொருந்தாது.

லேசான மஞ்சள் ஒரே மதியத்தில் போகும், ஆழமானதற்கு இரண்டு மூன்று நாள் தேவைப்படும். பழைய மஞ்சளோடு ஒப்பிடுவதற்கு ஒரு டம்மி மாடுல் மூடியை ஊறவைக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. முடிந்ததும் நிறையத் தண்ணீரில் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்த பிறகே சுவரில் மாட்டுங்கள். மிச்சத் திரவத்தை அன்றே இன்னொரு பிளேட்டுக்குப் பயன்படுத்தலாம், அதன் பிறகு தண்ணீர் கலந்து சாக்கடையில் ஊற்றிவிடலாம். திரும்பப் பாட்டிலில் ஊற்றி மூடி வைக்காதீர்கள்.

7. கழற்றத் தெரியாது. சுவத்திலேயே வெச்சு கிரீம் தடவினா ஆகாதா?

வேண்டாம். கிரீம் சுவிட்ச் இடுக்கிலும் சாக்கெட் ஓட்டையிலும் இறங்கினால் உள்ளே செம்பும் பித்தளையும் கெடும், ஈரத்தால் ஷாக் அடிக்கவும் செய்யும். அறைக்குள் தேவையான வெயிலும் விழாது. கழற்றத் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு வரும் நாளில் வெளிப் பிளேட்டை மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

சுவிட்ச் மாடுல்களையும் இதே காரணத்தால் ஊறவைக்கக் கூடாது. பிளேட் பளிச்சென்று வெளுத்து சுவிட்சுகள் மஞ்சளாக நின்றால் முன்பைவிட அசிங்கமாகத் தெரியும். எங்கள் கருத்தில், சுவிட்சும் சேர்ந்து மஞ்சளான போர்டை வெளுக்க மெனக்கெடுவது வீண். அதே கம்பெனி மாடுல் இன்னும் கடையில் கிடைத்தால் மாற்றிவிடுவதே மேல். வெளுக்கும் முறை அந்த மாடல் நின்றுபோனவர்களுக்கும், பிளேட் மட்டும் மஞ்சளானவர்களுக்கும்தான்.

8. ஊற வெச்சேன், ஆனா திட்டுத் திட்டா வந்திருக்கு. என்ன தப்பு?

திட்டின் வடிவத்தைப் பாருங்கள். சின்னச் சின்ன வட்டங்களாக இருந்தால் குமிழிகள் ஒட்டி நின்ற இடம். கோடுபோல் இருந்தால் பிளேட்டின் ஒரு பகுதி திரவத்துக்கு வெளியே நீட்டியிருந்த எல்லை. மேகம் போல் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தால் கிரீம் காய்ந்துபோன இடம். முதல் இரண்டும் மறுபடி முழுதாக மூழ்கவைத்து ஒரு மதியம் விட்டால் சமமாகிவிடும். மூன்றாவதில் மேற்பரப்பே கொஞ்சம் கெட்டிருக்கும். கார் பாலிஷை மெல்லத் தேய்த்தால் குறையும், சில நேரம் நிரந்தரமாகவே நிற்கும்.

மூன்று நாள் வைத்தும் நிறம் அசையவே இல்லை என்றால் அது ஏபிஎஸ்ஸாக இல்லாமல் இருக்கலாம். மாடுலர் பிளேட்டுகளில் பல பாலிகார்பனேட். அது மஞ்சளாகும் விதம் வேறு, பெராக்சைடுக்குப் பெரும்பாலும் மசியாது. சில பிளேட்டின் பின்பக்கம் ஏபிஎஸ் அல்லது பிசி என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கும், ஊறவைப்பதற்கு முன் அதைத் தேடிப் பாருங்கள்.

9. அப்பா காலத்து வீடு. மரப்பெட்டி மேல ஷீட் போட்டு, அதுல பியானோ சுவிட்ச் இருக்கு. அதையும் ஊற வெக்கலாமா?

கூடாது. அந்தச் சுவிட்சுகள் பெரும்பாலும் யூரியா வகைக் கடினப் பிளாஸ்டிக். நகத்தால் தட்டினால் பீங்கான்போல் ‘டக்’கென்று ஒலிக்கும், வளையாமல் உடையும். அதன் மஞ்சள் வேறு வகை, பெராக்சைடில் ஊறினால் பளபளப்புதான் போகும். போர்டு ஷீட் அட்டை அடுக்குகளை அழுத்திச் செய்தது. ஓரம் ஈரம் குடித்தால் உப்பும்.

மின்சாரத்தை அணைத்து, பிழிந்த துணியும் லிக்விடும் கொண்டு துடையுங்கள். அதற்கு மேல் மஞ்சள் இருந்தால், கறையைவிட உள்ளே இருக்கும் பழைய ஒயரையும் தளர்ந்த திருகுகளையும் பார்க்க ஆள் கூப்பிடுவதே உருப்படியான செலவு.

10. ஃபிரிட்ஜ் கதவும் அதே பெராக்சைடுல வெளுக்குமா?

காந்தம் ஒட்டிய இடத்தில் அது வேண்டாம். அங்கே மஞ்சளானது பெயின்டின் மேல்தோல். அதை மிக மெல்லியதாகச் சீவி எடுத்தால் அடியில் பழைய வெள்ளை இருக்கும். அந்த வேலைக்குக் கார் பாலிஷ் கடையில் கிடைக்கும் ‘ஃபைன்’ வகை ரப்பிங் காம்பவுண்டும் மெழுகுப் பாலிஷும் போதும். ‘கோர்ஸ்’ வகை கீறல் போடும், வாங்காதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் விடுங்கள். பல ஃபிரிட்ஜில் பக்கவாட்டுத் தகட்டுக்கு உள்ளே சூடான குழாய் ஓடும், சூட்டில் காம்பவுண்டு உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். சோப்பு போட்டு முழுதாகத் துடைத்த பிறகு, பிளாஸ்டிக் விளிம்புகளையும் கம்பெனி பெயரையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். முதலில் கீல் பக்கத்தில் கண்ணில் படாத ஒரு மூலையில் முயலுங்கள். ஈரப் பருத்தித் துணியில் புளியங்கொட்டை அளவு காம்பவுண்டு எடுத்து, ஓரடிக்கு ஓரடி இடத்தில் லேசான அழுத்தத்தோடு வட்டமாகத் தேய்த்து, காய்வதற்குள் வேறு துணியால் துடையுங்கள்.

துணியில் மஞ்சள் கலந்த வெள்ளை வருவது சரியான அறிகுறி, கெட்டுப்போன பெயின்ட் வருகிறது. சாம்பலோ செம்பழுப்போ தெரிந்தால் உடனே நிறுத்துங்கள், அது பிரைமர். கதவின் மூலைகளிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெல்லியது, அங்கே இரண்டு மூன்று தேய்ப்புக்கு மேல் போகாதீர்கள். முழுக் கதவும் ஒரே நிறத்துக்கு வந்ததும் மெழுகுப் பாலிஷ் போட்டால் பளபளப்பு திரும்பும், விரல் அடையாளமும் குறையும். கதவில் தோல்போல் சொரசொரப்பான பொறிப்பு இருந்தால் காம்பவுண்டு பள்ளங்களில் புகுந்து வெள்ளைப் பொடியாக நின்றுவிடும். அந்தக் கதவுக்குப் பேக்கிங் சோடாக் குழம்பும் மென்மையான பிரஷும் மட்டும்.

11. கைப்பிடியும் மேல்மூடியும் மட்டும் அப்படியே மஞ்சளா நிக்குதே?

அவை பிளாஸ்டிக், எனவே ஐந்தாவது கேள்வியில் சொன்ன கிரீம் இங்கே உதவும். கைப்பிடியின் திருகு பெரும்பாலும் ஒரு சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும். கழற்றிய பிறகு உள்ளே இரும்பு வில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். கழுவிக் காய்ந்த கைப்பிடியில் 40 வால்யூம் கிரீமைத் தாராளமாகத் தடவி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் உறையால் சுற்றி வெயிலில் வையுங்கள். மணிக்கு ஒருமுறை உறைக்கு மேலேயே விரலால் தடவிக் கிரீமை நகர்த்துங்கள். எந்த இடமும் காய விடாதீர்கள், காய்ந்தால் எட்டாவது கேள்வியில் சொன்ன மேகத்திட்டுதான். மேல்மூடி கழன்று வந்தால் அதற்கும் இதே முறை.

கழற்ற வராத மேல்மூடியை ஃபிரிட்ஜிலேயே வைத்துச் செய்ய வேண்டாம். கிரீம் வழிந்து தகட்டு ஓரத்தில் இறங்கினால் ஒரு மழைக்காலத்தில் துரு எட்டிப்பார்க்கும்.

12. ஸ்டிக்கரை உரிச்சேன். அந்த இடம் மட்டும் வெள்ளையா இருக்கு!

ஸ்டிக்கர் மூடியிருந்ததால் அந்த இடத்துக்கு வெளிச்சமும் புகையும் படவில்லை. அதுதான் உங்கள் ஃபிரிட்ஜின் உண்மையான நிறம். அங்கே எதுவும் செய்யாமல், சுற்றிலும் பத்தாவது பதிலில் சொன்னபடி காம்பவுண்டு போட்டு அந்த வெள்ளைக்குக் கொண்டுவாருங்கள். எதுவரை தேய்க்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

பசை மிச்சத்துக்கு ஹேர் டிரையர் சூடு காட்டி, விரலால் உருட்டி எடுத்து, லிக்விடால் துடையுங்கள். தேங்காய் எண்ணெயும் பசையைக் கரைக்கும், தகட்டில் பாதகமில்லை. கதவின் உள்பக்கப் பிளாஸ்டிக்கில் மட்டும் எண்ணெய் தேய்க்காதீர்கள். அந்த வகைப் பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஊறினால் நாளடைவில் விரிசல் விடும்.

13. கதவு ரப்பர் மஞ்சளா, கருப்புப் புள்ளியோட இருக்கு. அதுவும் வெளுக்குமா?

கருப்புப் புள்ளி பூஞ்சை. பேக்கிங் சோடாக் குழம்பும் டூத்பிரஷும் கொண்டு மடிப்பைத் திறந்து தேய்த்தால் பெரும்பகுதி போகும். மஞ்சள் போகாது, அதற்காக மெனக்கெடாதீர்கள். கதவு இடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிமானமே இல்லாமல் வழுக்கி வந்தால் ரப்பரை மாற்றும் வேளை வந்துவிட்டது, அப்போது நிறமும் சேர்ந்து சரியாகிவிடும்.

14. இவ்வளவு பண்ணியும் மறுபடி மஞ்சளாகுமா? அதுக்கு ஸ்ப்ரே பெயின்டே அடிச்சிடலாமே?

பிளாஸ்டிக் மறுபடி மஞ்சளாகும். பெராக்சைடு நிறத்தை வெளுக்கிறதே தவிர, மாறிப்போன பிளாஸ்டிக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. வெயில் நேராகப் படும் இடத்தில் ஓரிரு ஆண்டிலேயே லேசாகத் தெரியத் தொடங்கலாம். தகட்டில் மெழுகு போட்டு வந்தால் கூடுதல் நாள் தாங்கும். ஆனால் காம்பவுண்டை ஆண்டுதோறும் போட்டால் பெயின்டே தீர்ந்துவிடும்.

ஃபிரிட்ஜ் தகட்டுக்கு ஸ்ப்ரே நல்ல வழிதான். 400 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, துடைத்து, இரும்பு தெரியும் இடத்தில் பிரைமர் அடித்து, மூன்று மெல்லிய கோட்டாக அடிக்க வேண்டும். ஒரே தடித்த கோட்டு வழியும். அடைமழை நாளில் அடித்தால் பால்போல் மங்கும். கதவு ரப்பரையும் பின்பக்கக் கம்பி வலையையும் மூடிவிடுங்கள், வாசனை போகும்வரை உள்ளே சாப்பாடு வைக்காதீர்கள். சுவிட்சுக்கும் சாக்கெட்டுக்கும் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. இடுக்கில் இறங்கிய பெயின்ட் சுவிட்சை நடுவில் சிக்கவைக்கும்.

15. ஏசி பிளக் போடுற இடத்துல மட்டும் ஓட்டையைச் சுத்தி பழுப்பா இருக்கு. அதையும் ஊற வெச்சா போகுமா?

அது கருகல். சாக்கெட் உள்ளே பிடிமானம் தளர்ந்தோ, பின்னால் ஒயர் திருகு லூசாகியோ சூடேறி, பிளாஸ்டிக் உள்ளிருந்து எரிந்துவருகிறது. பிளக்கின் பின்னைப் பாருங்கள், அதுவும் நிறம் மாறியிருக்கும். சில நேரம் மீன் வாடை போன்ற ஒரு நாற்றமும் இருக்கும். உடனே அந்த லைனை அணைத்து, 16 ஆம்பியர் சாக்கெட்டையும் தேவைப்பட்டால் பிளக்கையும் மாற்றுங்கள். கருகிய ஒயர் முனையை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புதிதாக முறுக்கி இறுக்கச் சொல்லுங்கள். அது முடியும்வரை அந்த இடத்தில் ஏசி, கீசர், அயர்ன் பாக்ஸ் எதையும் செருகாதீர்கள்.